260 ரூபாய் கீரிச்சம்பா: யாருக்கு எவ்வளவு போனது, எவ்வளவு காணாமல் போனது

கல்முனையில் உயர்தரப் பொருளியல் படிப்பிக்கிறேன். உச்ச விலைக் கணக்கில் வருடா வருடம் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். போன முறை வகுப்பில் ஒரு பிள்ளை போட்ட பிழையைத் திருத்தப் போய், அந்தப் பிழைக்குள் வேறொரு கேள்விக்கான சரியான விடை இருப்பதைப் பார்த்தோம். அதனால் அந்தக் கணக்கை அடி முதல் நுனி வரை இங்கே எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்கொண்ட சங்கதி எங்கள் பக்கத்து எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். 2024 டிசம்பரில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை அரிசிக்கு உச்ச சில்லறை விலை குறித்தது. நாட்டரிசி 230 ரூபாய், சம்பா 240, கீரிச்சம்பா 260. அதற்குப் பிறகு நான் வழமையாக அரிசி வாங்கும் கடையில் நாட்டரிசியும் சம்பாவும் இருக்கும், கீரிச்சம்பா மூடை நிற்கும் இடம் வெறுமையாகக் கிடக்கும். ஒரு நாள் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, "கீரிச்சம்பா இல்லையா மகன், மகள்ர கலியாணத்துக்குச் சமைக்கிறதுக்கு" என்று கேட்டார். "இல்லம்மா, அந்த விலைக்கு எங்களுக்கே கிடைக்குதில்ல" என்றார் கடைக்காரத் தம்பி. அந்த அம்மாவுக்கு முன்னால் நின்றவர் கடைசியாக இருந்த ஐந்து கிலோவை வாங்கிக்கொண்டு போயிருந்தார். அவர் வீட்டில் சம்பா சமைத்தாலும் போதும் என்று அவரே சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அந்த ஐந்து கிலோவைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கணக்கின் பின்பாதியில் அது திரும்ப வரும்.

எண்கள்

ஒரு பட்டினத்துச் சந்தையில் ஒரு கிழமைக்குக் கீரிச்சம்பா எவ்வளவு கேட்கப்படுகிறது, எவ்வளவு வருகிறது என்று இரண்டு நேர்கோடுகளை எடுத்துக்கொள்வோம். இவை யாரும் அளந்து எடுத்த எண்கள் இல்லை, கணக்குக்காக நானே அமைத்தவை. 260 என்ற விலை மட்டும்தான் வர்த்தமானியில் இருந்து வந்தது. P என்பது கிலோவின் விலை ரூபாயில், Q என்பது அளவு கிலோவில். Qd கேட்கப்படும் அளவு, அதாவது கேள்வி; Qs சந்தைக்கு வரும் அளவு, அதாவது நிரம்பல்.

```
Qd = 8800 - 16P
Qs = 40P - 8000
```

முதலில் கட்டுப்பாடு இல்லாத நிலை. இரண்டையும் சமப்படுத்தினால் 56P = 16800, அதாவது விலை 300, அளவு 4000 கிலோ. சமநிலை விலை 300 என்று தெரிந்த பிறகுதான் 260 என்ற உச்ச விலை கடிக்கும் என்று சொல்ல முடியும். யாராவது 320 என்று உச்ச விலை போட்டிருந்தால் சந்தை அதைத் திரும்பியும் பார்க்காது, எதுவும் மாறாது. இதைப் பார்க்காமலேயே கணக்கைத் தொடங்கிவிட்டு, இல்லாத தட்டுப்பாட்டைக் கண்டுபிடித்து எழுதிய விடைத்தாள்களையும் திருத்தியிருக்கிறேன்.

அடுத்து, கோடுகள் விலை அச்சை எங்கே வெட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். கேள்வி பூச்சியமாகும் விலை 8800 ÷ 16 = 550. அந்த விலைக்கு மேல் ஒருவரும் கீரிச்சம்பா வாங்க மாட்டார்கள். நிரம்பல் பூச்சியமாகும் விலை 8000 ÷ 40 = 200. நெல் விலை, ஆலைக் கூலி, லொறிக் கூலி எல்லாம் சேர்ந்து அதற்குக் கீழே ஒருவருக்கும் கட்டாது என்று வைத்துக்கொள்ளலாம்.

நுகர்வோர் மிகை என்பது, கொடுக்கத் தயாராக இருந்த விலைக்கும் உண்மையில் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம், வாங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் கூட்டியது. உற்பத்தியாளர் மிகை என்பது, கையில் கிடைத்த விலைக்கும் எந்த விலைக்காவது விற்றிருப்பார்களோ அந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அதே மாதிரிக் கூட்டியது. கோடுகள் நேராக இருப்பதால் இரண்டும் முக்கோணிகள்:

```
நுகர்வோர் மிகை      = 1/2 × (550 - 300) × 4000 = 500,000
உற்பத்தியாளர் மிகை  = 1/2 × (300 - 200) × 4000 = 200,000
மொத்தம்             = 700,000
```

260 வந்த பிறகு

260 ரூபாயில் கேட்கப்படுவது 8800 − 16×260 = 4640 கிலோ. வருவது 40×260 − 8000 = 2400 கிலோ. தட்டுப்பாடு 2240 கிலோ. இது வரைக்கும் எல்லாரும் சரியாகச் செய்கிறார்கள்.

இனித்தான் கவனம். கைமாறுவது 2400 கிலோ மட்டும். 4640 என்பது ஆசை, 2400 என்பது அரிசி. இனி எந்த மிகையைக் கணித்தாலும் 2400இல் போடும் நிலைக்குத்துக் கோட்டுக்கு இடப்பக்கம்தான் நிற்க வேண்டும். வரைபுத்தாளில் அந்தக் கோட்டை முதலில் கீறிவிட்டுத்தான் பென்சிலால் நிழலடிக்க வேண்டும் என்று நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கோடு கேள்விக் கோட்டை எந்த விலையில் சந்திக்கிறது? 2400 = 8800 − 16P, ஆகவே P = 400. இந்த 400 கடையில் எங்கும் எழுதியிருக்காது, ஆனால் கணக்கு முழுவதும் இதில்தான் தொங்குகிறது. 2400ஆவது கிலோவுக்காக ஒருவர் 400 ரூபாய் கொடுக்கத் தயாராக நிற்கிறார், அது 260க்கு விற்கப்படுகிறது என்பதுதான் இதன் பொருள்.

இப்போது நுகர்வோர் மிகை ஒரு முக்கோணி இல்லை, மேலே ஒரு முக்கோணியும் கீழே ஒரு செவ்வகமும் சேர்ந்த சரிவகம்:

```
முக்கோணி            = 1/2 × (550 - 400) × 2400 = 180,000
செவ்வகம்            = (400 - 260) × 2400       = 336,000
நுகர்வோர் மிகை      = 516,000
உற்பத்தியாளர் மிகை  = 1/2 × (260 - 200) × 2400 =  72,000
மொத்தம்             = 588,000
```

700,000 இருந்த இடத்தில் 588,000. காணாமல் போனது 112,000 ரூபாய். இதுதான் நலன் இழப்பு. இது வாங்குபவரிடம் இருந்து விற்பவருக்கோ விற்பவரிடம் இருந்து வாங்குபவருக்கோ போன பணம் இல்லை. நடந்திருக்க வேண்டிய 1600 கிலோ வியாபாரம் நடக்காததால் ஒருவர் கைக்கும் வராமல் போனது. அதை நேரடியாகவும் கணிக்கலாம்: 2400க்கும் 4000க்கும் இடையில், கேள்விக் கோட்டுக்கும் நிரம்பல் கோட்டுக்கும் நடுவில் உள்ள முக்கோணி. அதன் நிலைக்குத்துப் பக்கம் 400 − 260 = 140, கிடையாக 1600. பாதியாக்கினால் 112,000. இரண்டு வழியிலும் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ பிழை இருக்கிறது, விடைத்தாளைக் கொடுக்காமல் திரும்பப் பாருங்கள்.

யார் கையில் இருந்து யாருக்குப் போனது என்பதையும் பிரித்துப் பார்த்தால் நல்லது. விற்கப்பட்ட 2400 கிலோவில் கிலோவுக்கு 40 ரூபாய் விலை குறைந்தது, ஆகவே 96,000 ரூபாய் விற்பவர்களிடம் இருந்து வாங்குபவர்களுக்கு மாறியது. அது இழப்பில்லை, கை மாறல். ஆனால் வாங்க முடியாமல் போன 1600 கிலோவில் நுகர்வோர் 80,000 இழந்தார்கள், அதாவது பாதி × (400 − 300) × 1600. விற்பவர்கள் அதே 1600 கிலோவில் 32,000 இழந்தார்கள். இந்த 80,000உம் 32,000உம் சேர்ந்ததுதான் 112,000. நுகர்வோருக்குத் தேறியது 96,000 − 80,000 = 16,000 மட்டுமே. நெல்லுக்காரர், ஆலைக்காரர், வியாபாரி எல்லாருமாக 128,000 இழந்து, நுகர்வோர் கையில் கடைசியில் 16,000 நிற்கிறது.

உச்ச விலை குறைந்தால் நுகர்வோருக்கு எப்போதும் நல்லது என்பது பலர் மனதில் ஊறிப்போன எண்ணம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இதே கோடுகளில் உச்ச விலையை 240 ஆக்கிப் பாருங்கள். வரும் அரிசி 1600 கிலோ, அந்த இடத்தில் கேள்விக் கோட்டின் விலை 450, நுகர்வோர் மிகை 80,000 + 336,000 = 416,000. கட்டுப்பாடு இல்லாதபோது இருந்த 500,000ஐ விட இது குறைவு. அரிசி மலிந்தது, நுகர்வோர் கெட்டார்கள். விலையை 300இல் இருந்து மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு போனால் நுகர்வோர் மிகை முதலில் ஏறும், ஏறத்தாழ 278 ரூபாயில் உச்சிக்குப் போகும், அப்புறம் இறங்கும். ஏறத்தாழ 255.50க்குக் கீழே போனால் பழைய 500,000ஐ விடவும் குறைந்துவிடும். எங்கள் 260 அந்த விளிம்புக்கு நாலைந்து ரூபாய் தள்ளித்தான் நிற்கிறது. இந்த 278உம் 255.50உம் என் கோடுகளுக்கு மட்டும் உரியவை. சாய்வு மாறினால் அவையும் மாறும்.

அந்தப் பிள்ளையின் விடை

வகுப்பில் இரண்டு பிழைகள் வந்தன. முதலாவது வழமையானது. நுகர்வோர் மிகைக்கு 260இல் கேட்கப்படும் 4640ஐ எடுத்து, பாதி × (550 − 260) × 4640 = 672,800 என்று போட்டிருந்தார்கள். இதை எப்படிப் பிடிப்பது? உற்பத்தியாளரின் 72,000ஐக் கூட்டினால் மொத்தம் 744,800 வருகிறது. போட்டிச் சந்தையில் சமநிலையில் கிடைத்த 700,000ஐ விட, அரிசி குறைந்த பிறகு மொத்த நலன் கூடியதாம். வராத 2240 கிலோவைச் சாப்பிட்டதாகக் கணக்கு வைத்தால்தான் இப்படி வரும். மொத்தம் ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இரண்டாவது பிழைதான் இதை எழுத வைத்தது. பின் வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை 2400ஐச் சரியாக எடுத்திருந்தாள், ஆனால் சரிவகத்தைக் கீறவில்லை. பழக்கத்தில் முக்கோணிச் சூத்திரத்தையே போட்டுவிட்டாள்: பாதி × (550 − 260) × 2400 = 348,000. நான் சிவப்புப் பேனையால் குறுக்கே கீறினேன். நலன் இழப்பையும் இரண்டு வழியில் செய்யச் சொன்னேன். ஒரு வழியில் 280,000, மற்ற வழியில் 112,000. "பார், பொருந்தவில்லை" என்றேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. "சேர், சரிவகம் எண்டால் 400 ரூபாய்க்கு மேல குடுக்கத் தயாரா இருக்கிற ஆக்களுக்குத்தானே அரிசி போகுது. கடையில அப்படியா குடுக்கிறாங்க? முதல் வந்தவனுக்குத்தானே" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரி. கடையில் நின்ற அந்த அம்மாவும், ஐந்து கிலோ கொண்டுபோனவரும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தார்கள்.

516,000 என்ற விடைக்கு அடியில் சொல்லாத ஒரு எடுகோள் படுத்திருக்கிறது. இருக்கிற 2400 கிலோவும், கீரிச்சம்பாவை ஆகக் கூடுதலாக மதிக்கும் ஆட்களுக்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் அது. சாதாரணச் சந்தையில் இந்த வேலையை விலை செய்யும். 300 கொடுக்க மாட்டாதவர் தானாக விலகிவிடுவார். விலை 260இல் கட்டப்பட்டதும் அந்த வடிகட்டி போய்விடுகிறது. 260க்கு மேல் ஒரு ரூபாய் மட்டும் கூடுதலாக மதிக்கிறவரும், 500 ரூபாய்க்கு மதிக்கிற கலியாண வீட்டு அம்மாவும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அப்படியானால், வரிசையில் யார் முன்னால் நிற்கிறார்கள் என்பது வெறும் அதிர்ஷ்டம் என்று வைத்துக் கணிப்போம். 260க்கு வாங்க விரும்பும் 4640 கிலோவுக்கான ஆட்களில் எவருக்கும் கிடைக்கும் வாய்ப்பு ஒரே அளவு. அவர்களில் ஆகக் கூடுதலாக மதிப்பவருக்குக் கிலோவில் 290 ரூபாய் மிகை (550 − 260), ஆகக் குறைவாக மதிப்பவருக்குப் பூச்சியம். கோடு நேராக இருப்பதால் சராசரி சரியாகப் பாதி, 145 ரூபாய். அதிர்ஷ்டத்தில் யாருக்குப் போனாலும் கிடைக்கும் 2400 கிலோவின் சராசரி மிகை இந்த 145தான். 145 × 2400 எவ்வளவு?

348,000.

அவள் போட்ட அதே எண். தற்செயலாக வந்தது இல்லை. பாதி × 290 × 2400 என்ற அவளுடைய சூத்திரமே சராசரி × அளவுதான். சரிவகத்துக்குப் பதிலாக முக்கோணி போட்டது பாடப்புத்தகக் கேள்விக்குப் பிழை, ஆனால் "அதிர்ஷ்டத்தில் பங்கிட்டால் நுகர்வோர் மிகை எவ்வளவு" என்ற கேள்விக்கு அதுவே சரி. நான் சிவப்புப் பேனையால் கீறியதற்குப் பக்கத்தில் இதை எழுதிக் கொடுத்தேன்.

இப்போது முழுப் படத்தையும் திரும்பப் பாருங்கள். நுகர்வோர் மிகை 348,000, உற்பத்தியாளர் மிகை அதே 72,000, மொத்தம் 420,000. நலன் இழப்பு 280,000. இதில் 112,000 அரிசி குறைந்ததால் வந்தது. மற்ற 168,000, இருந்த அரிசியே பிழையான ஆட்களிடம் போனதால் வந்தது. இரண்டாவது துண்டு முதலாவதை விடப் பெரியது! வரைபில் எல்லாரும் நிழலடிக்கும் அந்தச் சின்ன முக்கோணி, மொத்த இழப்பில் பாதிகூட இல்லை. நுகர்வோரை மட்டும் எடுத்தால் 16,000 இலாபம் என்று முதலில் சொன்னது, இப்போது 152,000 நட்டம் என்று மாறுகிறது. அதே கோடுகள், அதே விலை, அதே 2400 கிலோ. யார் கைக்குப் போனது என்பது மட்டும்தான் வேறு.

அதனால் 112,000ஐ நான் இப்போது "நலன் இழப்பு" என்று மட்டும் சொல்வதில்லை, "ஆகக் குறைந்த நலன் இழப்பு" என்று சொல்லிக் கொடுக்கிறேன். பங்கீடு எவ்வளவு நன்றாக நடந்தாலும் அதற்குக் கீழே இறங்காது, ஆனால் மேலே போக நிறைய இடம் இருக்கிறது.

நிஜத்தில் எங்கே நிற்கும்? அது பங்கிடும் விதத்தைப் பொறுத்தது. கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்கு உள்ளே எடுத்து வைத்துக் கொடுத்தால், அந்த வாடிக்கையாளருக்கு உண்மையிலேயே தேவை அதிகமாக இருந்தால், இழப்பு 112,000 பக்கம் சாயும். விடியவே வரிசையில் நிற்க வேண்டி வந்தால் தேவை அதிகமானவர்தான் நிற்பார், ஆனால் நின்ற நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த நேரத்தின் பெறுமதி கிலோவுக்கு 140 ரூபாய் வரை ஏறினால் 336,000 ரூபாய்ச் செவ்வகம் முழுவதும் வரிசையிலேயே கரைந்து, நுகர்வோருக்கு 180,000 மட்டும் மிஞ்சும். இரகசியமாக 400க்கு விற்றால் அந்தச் செவ்வகம் கரையாது, ஆனால் நுகர்வோரை விட்டு விற்றவர் பைக்குப் போகும். சம்பாவைக் கலந்து கீரிச்சம்பா என்று கட்டிய மூடை வந்தால் கேள்விக் கோடே இடம் மாறிவிடும், அதை இந்தக் கணக்கு பிடிக்காது.

இன்னொரு எல்லையும் உண்டு. நிரம்பல் கோட்டின் சாய்வை நான் 40 என்று எடுத்தேன், அதாவது ஒரு ரூபாய் குறைந்தால் கிழமைக்கு 40 கிலோ குறைகிறது. பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, காய வைக்க வசதியும் களஞ்சியமும் இல்லாமல் எப்படியும் விற்றே ஆக வேண்டிய நிலையில் இருந்தால், வரும் அளவு விலைக்கு அவ்வளவு அசையாது, கோடு நிலைக்குத்தாக நிமிரும், 112,000 ரூபாய் முக்கோணி சுருங்கிவிடும். ஆனால் நெல்லைப் பூட்டி வைக்கக் கூடியவர்கள் கையில் இருந்தாலோ, அடுத்த போகத்துக்கு வயற்காரர் கீரிச்சம்பாவை விட்டு வேறு இனம் விதைக்க முடிந்தாலோ, கோடு படுக்கும், முக்கோணி பெருக்கும். ஆகவே அதே 260இன் விளைவை முதல் மாதத்தில் அளந்தால் ஒரு எண்ணும், ஒரு போகம் கழித்து அளந்தால் வேறு எண்ணும் வரும்.

பரீட்சைக்கு எழுதுகிறவர்களுக்கு: வினாவில் பங்கீடு பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் சரிவகம்தான், 516,000தான், இழப்பு 112,000தான். ஆனால் கீழே ஒரு வரி சேருங்கள்: "கிடைக்கும் அளவு, கூடுதலாக மதிக்கும் நுகர்வோருக்கே சென்றடைகிறது எனக் கொள்ளப்பட்டுள்ளது." அந்தப் பிள்ளை அடுத்த கிழமைப் பயிற்சியில் வேறு எண்களுக்கு இரண்டு விடையும் போட்டு, இரண்டுக்கும் அடியில் எடுகோளையும் எழுதிக் கொண்டு வந்தாள்.